டேங்க் நிறைய நேரமாகிறதா? ஒரு வாளியையும் ஒரு பெருக்கலையும் வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

பாளையங்கோட்டை சுற்றுவட்டாரத்தில் மோட்டார், பைப் வேலை பார்க்கிறேன். எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே புகார்தான்: "மோட்டார் ஓடுது, டேங்க் நிறையமாட்டேங்கு." போய்ப் பார்த்தால் பல வீடுகளில் எனக்கு முன்னால் யாரோ வந்து மோட்டாரை மாற்றியிருப்பார்கள். பணம் போயிருக்கும், தண்ணீர் பழையபடியே வந்துகொண்டிருக்கும். எதையும் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் அளந்து பார்த்தால் கோளாறு மோட்டாரிலா, பைப்பிலா, கீழே தண்ணீரே இல்லையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். எந்த அறிகுறிக்கு எதை முதலில் பார்ப்பது என்பதை நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

## எல்லா அறிகுறிக்கும் முன்னால்: அளந்துகொள்ளுங்கள்

ஒரு காலி பெயின்ட் வாளி போதும். வாளியில் எழுதியிருக்கும் லிட்டரை நம்ப வேண்டாம், விளிம்புவரை நிறைத்தால் கூடவே பிடிக்கும். இருபது லிட்டர் குடிநீர் கேன் ஒன்றை அதில் கவிழ்த்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மோட்டாரைப் போட்டு இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மாடியில் பைப் டேங்குக்குள் விழும் வாயில் வாளியைப் பிடியுங்கள். கோட்டைத் தொட எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். 1200-ஐ அந்த விநாடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 40 விநாடி என்றால் 30 லிட்டர். 80 விநாடி என்றால் 15.

அப்புறம் இந்தக் கணக்கு:

```
Q = 0.0471 × d × d × v
v = Q ÷ (0.0471 × d × d)
T = V ÷ Q
```

Q நிமிடத்துக்கு லிட்டர். d பைப்பின் உள்விட்டம், மில்லிமீட்டரில். v பைப்புக்குள் தண்ணீர் ஓடும் வேகம், விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று. V டேங்கின் கொள்ளளவு, T நிறைய ஆகும் நிமிடம். 0.0471 என்பது வட்டத்தின் பரப்பையும் நிமிடம், லிட்டர் மாற்றங்களையும் சேர்த்து வந்த எண். மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

இதில் பெரும்பாலானவர்கள் தவறுவது d-யில்தான். "ஒரு இன்ச் பைப்" என்பது பெயர், உள்விட்டம் அல்ல. ஒரு இன்ச் சி.பி.வி.சி. பைப்பின் கனத்த ரகத்தில் உள்விட்டம் 23.4 மில்லிமீட்டர்தான். அதே பெயருள்ள நடுத்தர ஜி.ஐ. பைப்பில் கிட்டத்தட்ட 27. ஒட்டுகிற பி.வி.சி. பைப்பில் 32 என்று அச்சிட்டிருந்தால் அது வெளிவிட்டம். வெட்டிய துண்டு ஒன்று வீட்டில் கிடந்தால் அதன் உள்ளே ஸ்கேலை வைத்தே பார்த்துவிடுங்கள். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் கணக்கில் d இரண்டு தடவை பெருக்கப்படுகிறது. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் 27 மில்லிமீட்டர் பைப்பில் நிமிடத்துக்கு 34 லிட்டர் வரும், 23.4-ல் 26 லிட்டர்தான். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

வேகம் வந்ததும் நான் இப்படித்தான் பிரிப்பேன். விநாடிக்கு 0.8 முதல் 1.5 மீட்டர் என்றால் வீட்டு லைனுக்கு ஆரோக்கியமான ஓட்டம். அரை மீட்டருக்குக் கீழே இருந்தால் எங்கோ தடை, இல்லையென்றால் மோட்டார் தள்ளவில்லை. இரண்டு மீட்டரைத் தாண்டினால் மோட்டாருக்குப் பைப் போதவில்லை.

## அறிகுறி 1: ஆரம்பத்திலிருந்தே மெதுவாக வருகிறது, முன்பு இப்படி இல்லை

முதலில் காசில்லாத சோதனைகள். டேங்கிலிருந்து வீட்டுக்கு இறங்கும் கேட் வால்வை மூடிவிட்டு நேரம் பாருங்கள். கழிவறைத் தொட்டி ஒழுகினாலோ கீழே யாராவது துணி அலசினாலோ, ஏறுகிற தண்ணீர் இன்னொரு பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். நிமிடத்துக்கு 28 லிட்டர் ஏறி 8 லிட்டர் இறங்கினால் ஆயிரம் லிட்டருக்கு 36 நிமிடம் அல்ல, 50 நிமிடம் ஆகும். வால்வை மூடியதும் நேரம் சரியாகிவிட்டால் மோட்டாரையும் மேலேறும் பைப்பையும் தொட வேண்டாம்.

அடுத்து மோட்டார் பக்கத்து கேட் வால்வு. பழைய பித்தளை வால்வுகளில் கைப்பிடி சுற்றும், உள்ளே இருக்கும் தகடு மட்டும் கழன்று பாதி வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். கைப்பிடி எந்த இறுக்கமும் காட்டாமல் சுற்றினால் சந்தேகப்படுங்கள்.

அதற்கும் பிறகுதான் மோட்டாரா பைப்பா என்ற கேள்வி. இதை ஒரு வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு ஆச்சி வீடு. சம்பிலிருந்து ஆயிரம் லிட்டர் டேங்குக்கு ஏற்றுகிறார்கள். வீடு கட்டியபோது போட்ட ஒரு இன்ச் ஜி.ஐ. பைப், சுமார் பதினைந்து மீட்டர் நீளம். சம்பில் ஆற்றுத் தண்ணீரோடு போர் தண்ணீரும் விழும். "முன்னெல்லாம் அரை மணி, முப்பத்தஞ்சு நிமிஷத்துல நிறைஞ்சிரும் தம்பி. அப்புறம் ஒண்ணேகால் மணிக்கு மேல ஆச்சு. ஒரு ஆளு வந்து அரை எச்.பி.ய எடுத்துட்டு ஒரு எச்.பி. மாட்டிட்டுப் போனான். இப்பவும் ஒரு மணிக்கு மேலதான் ஆகு" என்றார். பழைய மோட்டாரை மாட்டுத்தொழுவத்தில் சாக்குப் போட்டு மூடிவைத்திருந்தார். நல்லவேளை.

மாடியில் வாளி பிடித்தேன். இருபது லிட்டருக்கு 78 விநாடி. 1200 ÷ 78 = 15.4 லிட்டர். ஆயிரத்தை அதால் வகுத்தால் 65 நிமிடம், ஆச்சி சொன்னது சரியாக வந்தது. உள்விட்டம் 27 என்று வைத்து வேகம் போட்டால் 15.4 ÷ 34.3, அதாவது விநாடிக்கு 0.45 மீட்டர். ஒரு எச்.பி. மோட்டார் ஓடும் பைப்பில் இது நடை வேகம்கூட இல்லை. வீடு புதிதாக இருந்தபோது 35 நிமிடத்தில் நிறைந்தது என்றால் நிமிடத்துக்கு 28.6 லிட்டர், வேகம் 0.83. அன்றைக்கு அரை எச்.பி. செய்த வேலையில் பாதியைத்தான் இன்றைக்கு ஒரு எச்.பி. செய்கிறது.

மெயினை அணைத்துவிட்டு மோட்டாரின் வெளிவாயில் யூனியனைக் கழற்றி, ஒரு சிறு ஹோஸை மாட்டி, தரையிலேயே வாளி பிடித்தேன். 16 விநாடி. நிமிடத்துக்கு 75 லிட்டர். (இந்தச் சோதனையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். எதிர்ப்பே இல்லாமல் ஓடும் சென்ட்ரிஃபியூகல் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும்.) தரையில் நிறைய வருவது மட்டும் பைப்பைக் குற்றவாளியாக்கிவிடாது. உயரம் ஏறும்போது எந்த மோட்டாரும் குறைத்துத்தான் தள்ளும். அதனால் இன்னொரு சோதனை வேண்டும்.

வெளிவாயில் மூன்று வழி உள்ள டீ இணைப்பு ஒன்றைப் போட்டு பிரஷர் கேஜ் மாட்டினேன். இதுதான் தீர்ப்புச் சொல்லும் கருவி. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு கிலோ அழுத்தம். மோட்டாரிலிருந்து டேங்க் வாய் ஒன்பது மீட்டர் உயரத்தில் இருந்தது, ஆகவே 0.9 கிலோ காட்ட வேண்டும், உரசலுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். கேஜ் 2.2 காட்டியது. மிச்சம் 1.3 கிலோ, அதாவது பதின்மூன்று மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் பலம் முழுவதும் பைப்புக்குள்ளேயே கரைகிறது. அந்த வீட்டுக்கு மேல் இன்னொரு வீட்டைக் கட்டி, அதன் மாடிக்கு ஏற்றுவது போல மோட்டார் உழைத்துக்கொண்டிருந்தது.

கேஜை இப்படி வாசியுங்கள்:

தண்ணீர் குறைவு, கேஜ் அதிகம் என்றால் கேஜுக்கும் டேங்குக்கும் நடுவில் அடைப்பு. பைப், எல்போ, வால்வு, திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு, இவற்றில் ஒன்று.

தண்ணீர் குறைவு, கேஜும் உயரத்துக்கு வேண்டிய அளவிலேயே நிற்கிறது என்றால் மேலே பைப் சுத்தம். மோட்டாரோ உறிஞ்சும் பக்கமோதான் கோளாறு. உறிஞ்சும் பைப்பின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வின் சல்லடையில் பாசி, மோட்டாருக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் மணலோ நூலோ சிக்கியது, தேய்ந்தது, மின்னழுத்தம் குறைவு என்று இந்த வரிசையில் பாருங்கள்.

ஆச்சி வீட்டில் முதல் வகை. மாடித் திருப்பத்தில் பைப்பை வெட்டினோம். உள்ளே வெள்ளையும் துருவும் கலந்து, அடுக்கடுக்காக, மரத்தின் வளையம் போல ஏறியிருந்தது. வெர்னியரை விட்டுப் பார்த்தால் துளை 13 மில்லிமீட்டர். 27-ல் 13 மிஞ்சினால் பாதி மிஞ்சியதாகக் கண்ணுக்குத் தெரியும். கணக்கில் 13 × 13 = 169, 27 × 27 = 729. நாலில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துளையில் 15.4 லிட்டருக்கு வேகம் போட்டால் விநாடிக்கு 1.9 மீட்டர். நான் முதலில் போட்ட 0.45 என்பது, இப்போது இல்லாத 27 மில்லிமீட்டர் துளைக்குப் போட்ட வேகம். மாடியில் தண்ணீர் மெதுவாக விழுந்தது, உள்ளே முண்டியடித்துக்கொண்டு ஏறியது.

பைப்பை மாற்றி ஒரு இன்ச் சி.பி.வி.சி. போட்டோம், எல்போ இரண்டைக் குறைத்தோம். ஆச்சியின் பழைய அரை எச்.பி.யையே தூசு தட்டி மாட்டினேன். இருபது லிட்டருக்கு 43 விநாடி, நிமிடத்துக்கு 28 லிட்டர், வேகம் 1.08. டேங்க் 36 நிமிடத்தில் வழிந்தது. ஒரு எச்.பி.யை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

அமிலம் ஊற்றிப் படிவைக் கரைக்கலாமா என்று கேட்பார்கள். குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் வரும் லைனில் நான் செய்வதில்லை. துருப்பிடித்த ஜி.ஐ.யில் படிவு கரைந்தால் ஓட்டை தெரியும், அவ்வளவுதான்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: மோட்டார் உறுமிவிட்டுச் சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள், கெபாசிட்டரோ வைண்டிங்கோ போயிருக்கும். மோட்டார் உடலிலோ ஈரமான பைப்பிலோ லேசாக ஷாக் அடித்தாலும் எலக்ட்ரீசியன் வரும்வரை தொடக்கூடாது. சுவருக்குள் புதைந்த பைப்பில் அடைப்பு என்று கேஜ் சொன்னால் அதுவும் நீங்களாக உடைக்கும் வேலையல்ல.

## அறிகுறி 2: பெரிய மோட்டார் போட்டும் வித்தியாசமே இல்லை

மேலே சொன்ன படிவு இல்லாமலேயே இது வரும். முக்கால் இன்ச் சி.பி.வி.சி.யின் உள்விட்டம் சுமார் 18 மில்லிமீட்டர். அதில் வேகம் ஒரு மீட்டர் என்றால் 15 லிட்டர் வரும். ஒரு எச்.பி. அதில் 45 லிட்டரைத் திணித்தால் விநாடிக்கு மூன்று மீட்டர் ஓட வேண்டும். பைப் கிளாம்போடு அதிரும், மோட்டாரை அணைக்கும்போது சுவரில் யாரோ தட்டுவது போல ஒரு அடி கேட்கும். வேகம் இரட்டித்தால் உரசல் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால்தான் மோட்டாருக்குக் கொடுத்த காசு மேலே தண்ணீராக வருவதில்லை.

சோதனை எளிது. வாளி, வேகக் கணக்கு. வேகம் ஏற்கெனவே இரண்டுக்கு மேல் என்றால் மோட்டாரை மாற்றுவதில் பொருளில்லை, பைப்பை ஒரு அளவு பெரிதாக்குங்கள். உள்விட்டம் 20-லிருந்து 25 ஆனால் அதே லிட்டருக்கு உரசல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

இன்னொன்று. மோட்டார் தகட்டில் இருக்கும் அதிகபட்ச உயரமும் அதிகபட்ச லிட்டரும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல. அதிகபட்ச உயரத்தில் ஏறக்குறைய ஒரு சொட்டும் வராது. வாங்கும்போது கடைக்காரரிடம், உங்கள் வீட்டு உயரத்தைச் சொல்லி, "அந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர்னு அட்டவணையில காட்டுங்க அண்ணாச்சி" என்று கேளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் தாளில் பெரும்பாலும் அந்த அட்டவணை இருக்கும்.

## அறிகுறி 3: முதல் பத்து நிமிடம் நன்றாக வருகிறது, பிறகு சுருங்குகிறது

ஆரம்பத்தில் ஒரு வாளி, பத்தாவது நிமிடம் ஒன்று, இருபதாவது நிமிடம் ஒன்று. மூன்று எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சம்பிலிருந்து எடுப்பதாக இருந்தால் மட்டம் இறங்க இறங்க ஃபுட் வால்வு மேலே தெரிகிறதா, சுழி போட்டுக் காற்றை இழுக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது இல்லையென்றால் உறிஞ்சும் பைப்பின் இணைப்பு ஒன்றில் காற்று நுழைகிறது. அந்தப் பக்கத்துக் கசிவிலிருந்து தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. இணைப்புகளில் ஒவ்வொன்றாகக் கிரீஸ் பூசி மேலே கவனியுங்கள். எதில் பூசியதும் துப்பித் துப்பி வருவது நிற்கிறதோ அதுதான் இடம்.

போரிலிருந்து எடுப்பதாக இருந்தால் பெரும்பாலும் ஊற்று போதவில்லை. நிமிடத்துக்கு 40, 26, 15 லிட்டர் என்று இறங்கி அப்புறம் பதினைந்திலேயே நின்றால், உங்கள் போர் நிமிடத்துக்குச் சுரப்பது சுமார் 15 லிட்டர். எந்த மோட்டார் போட்டாலும் சேமித்த தண்ணீர் தீர்ந்தபின் அதற்கு மேல் வராது. இந்தப் பக்கம் பாளையங்கால்வாயில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கரையோரக் கிணறுகளிலும் போர்களிலும் மட்டம் ஏறும், கால்வாய் அடைத்து வெயில் ஏறினால் இறங்கும். அதனால் கார்த்திகையில் எடுத்த நேரக் கணக்கைச் சித்திரையில் எதிர்பார்க்க வேண்டாம். டைமர் வைத்து இருபது நிமிடம் ஓட்டி ஒரு மணி நேரம் விட்டு மறுபடி ஓட்டுங்கள். காற்றோடு துப்ப ஆரம்பித்தால் அந்த நிமிடமே அணைத்துவிட வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் சீல் கருகும், சப்மெர்சிபிள் என்றால் மோட்டாரே போகும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: சப்மெர்சிபிளை மேலே தூக்க வேண்டிய எதுவும். முக்காலியும் ஆளும் இல்லாமல் வீட்டு ஆட்கள் கயிறு கட்டி இழுத்து, மோட்டாரைப் போருக்குள்ளேயே விட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி விழுந்தால் சில சமயம் போரே போய்விடும்.

## அறிகுறி 4: குழாய்த் தண்ணீர் வரும் நேரத்துக்குள் சம்பு நிறைவதில்லை

இங்கே வாளி பிடிக்க வசதி இருக்காது. சம்பையே வாளியாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளளவு 2 மீட்டர், 1.5 மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் மட்டம் ஏற 30 லிட்டர். மோட்டாரை அணைத்துவிட்டு சுவரில் சாக்பீஸ் கோடு போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். 2 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் 60 லிட்டர், நிமிடத்துக்கு 6. அரை இன்ச் இணைப்பில், உள்விட்டம் 15 என்றால், ஒரு மீட்டர் வேகத்துக்கு 10.6 லிட்டர் வர வேண்டும். ஆக வேகம் 0.57.

இப்போது மிதவை வால்வைக் கழற்றிவிட்டு இன்னொரு பத்து நிமிடம் பாருங்கள். ஏற்றம் சட்டென்று கூடினால் வால்வின் துளையில் மணலோ படிவோ அடைத்திருக்கிறது, வால்வு மாற்றினால் முடிந்தது. கூடவில்லையென்றால் மீட்டருக்கு முன்னால் உள்ள சல்லடையும் தெரு லைனின் அழுத்தமும்தான் மிச்சம். மீட்டரையும் அதற்கு அந்தப் பக்கத்தையும் நீங்கள் கழற்றக்கூடாது, மாநகராட்சியில் எழுதிக் கொடுங்கள். "இரண்டு மணி நேரத்தில் 720 லிட்டர்தான் வருகிறது, நிமிடத்துக்கு 6" என்று எழுதுங்கள். "தண்ணீர் சரியாக வரவில்லை" என்பதைவிட, வந்து பார்க்கிறவருக்கு அது உதவும், வேலை முடிந்தபின் அதே கோட்டை வைத்து நீங்களும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 5: வாளிக் கணக்கு ஒரு நேரம் சொல்கிறது, டேங்க் வேறு நேரத்தில் வழிகிறது

கேட் வால்வை மூடியும் இப்படி என்றால் டேங்கின் லிட்டரில்தான் தவறு. சிமென்ட் தொட்டியை வெளியே அளந்து கணக்குப் போட்டிருப்பார்கள். சுவர்க் கனத்தைக் கழித்து உள்ளே அளக்க வேண்டும், உயரத்தை வழியும் பைப்பின் அடிவரைதான் எடுக்க வேண்டும். அடியில் அரை அடி பழைய தண்ணீர் கிடந்தால் அதையும் கழியுங்கள். காலையில் டேங்க் முழுக்கக் காலியாக இருந்த நாளில் ஒரு தடவை நேரம் குறித்து, டேங்க் மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதிவையுங்கள்: தேதி, வாளி விநாடி, நிறைந்த நிமிடம். ஆச்சி வீட்டு மூடியில் "43 விநாடி, 36 நிமிடம்" என்று இருக்கிறது. 43 என்பது 55 ஆகும் அன்றைக்கு எனக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.